புளிக்காத தயிரும் முந்தின நாள் கறியும்

தேவதானப்பட்டியில் ஞாயிற்றுக்கிழமைக் கறி விடியற்காலையில் வெட்டுப்பட்டு, ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்து, பத்து மணிக்கெல்லாம் அடுப்பில் ஏறிவிடும். பையில் கைவைத்தால் இளஞ்சூடு தெரிந்தால்தான் எங்கள் பக்கம் அது நல்ல கறி. அந்தக் கறியில் ரெண்டு கரண்டி புளித்த தயிரை ஊற்றிப் பிசைந்து வைத்தால் பஞ்சு மாதிரி வெந்துவிடும் என்பது என் வீட்டு நம்பிக்கையும்கூட. பால் சங்கத்தில் பாலின் புளிப்பைச் சோதிக்கிற வேலையில் இருந்தவன் என்பதால் நான் அதற்குக் காரணமும் சொல்வேன். தயிரில் கால்சியம் இருக்கிறது, அது கறியில் இருக்கும் நொதிகளைத் தட்டி எழுப்புகிறது, அவை நாரை அறுக்கின்றன என்பேன். கேட்டவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். அதில் பாதிதான் சரி என்பதை ஒரு காதுகுத்து வீட்டுக்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

என் மச்சான் பெரியகுளம், வத்தலக்குண்டு பக்கம் விசேஷ வீடுகளுக்குப் பிரியாணி போடுகிறவர். திண்டுக்கல் பாணிதான்: சீரகச் சம்பா, தயிர், எலுமிச்சை. அந்த வீட்டில் கிடாய்களை அதிகாலை மூணு மணிக்கு வெட்டினார்கள். நாலு மணிக்குக் கறி தயிரில் விழுந்தது. சித்திரை வெயிலில் ரெண்டு நாள் புளித்த தயிர், அள்ளும்போதே மூக்கில் ஏறியது. ஒன்பது மணிக்கு அண்டா ஏறியது. பந்தியில் ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தேன். மேல்பூச்சு மாவாக விரலில் ஒட்டியது. அதற்கு உள்ளே வறண்ட ஒரு பட்டை. நடுவில் இழுத்தால் இழுபடுகிற நார். மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாப்ள, தயிரு பத்தலையோ?” என்றார். நானும் அப்போது ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தயிர் போதாமல் போகவில்லை. அதைச் சொல்ல, ஆட்டின் தசைக்குள் அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உயிர் போன பிறகும் தசை கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். ஆக்சிஜன் வராததால் தன்னிடம் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பை லாக்டிக் அமிலமாக மாற்றும். ஏழை ஒட்டியிருந்த பிஹெச் அளவு மெல்ல இறங்கி 5.6 அளவில் வந்து நிற்கும். எரிபொருள் தீர்ந்ததும் தசை இழைகள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு விடாது. இதுதான் விறைப்பு. வெட்டின சூட்டோடு குழம்பில் போட்டால் இந்த விறைப்புக்கு முன்னாலேயே வெந்துவிடும். ஓர் இரவு கழித்துச் சமைத்தால் விறைப்பு தளர்ந்திருக்கும். ரெண்டுக்கும் நடுவே, வெட்டி ஆறு ஏழு மணி நேரத்தில் அடுப்பேற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். எங்கள் ஊர் விருந்துகளில் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் அண்டா ஏறுகிறது.

விறைப்பைத் தளர்த்துவது கால்பெய்ன் என்ற நொதி. அது ஆட்டின் தசையிலேயே இருப்பது. தசை இழைகள் ஒன்றோடொன்று சேரும் கணுக்களை அது ஒவ்வொன்றாக அறுக்கும். அது வேலை செய்யக் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியமும் செத்த தசையின் சேமிப்பிலிருந்தே கசிந்து வருகிறது. ஆக, கால்சியம் கறியை மென்மையாக்கும் என்பது பொய்யில்லை. 1988இல் மொகம்மது கூமராயி என்ற இறைச்சி ஆய்வாளரும் உடனிருந்தவர்களும், வெட்டிய உடனே செம்மறி உடல்களுக்குள் கால்சியம் குளோரைடு கரைசலைச் செலுத்தினார்கள். பல நாள் தொங்கவிட்டால் வரும் மென்மை ஒரே நாளில் வந்தது என்று காட்டினார்கள். நான் ஊரெல்லாம் சொன்ன காரணத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அவர்கள் கால்சியத்தை ரத்தக் குழாய் வழியாகத் தசை முழுவதும் செலுத்தினார்கள். கரைசலின் அடர்த்தியும் தயிரில் இருப்பதைப் போலச் சுமார் பத்து மடங்கு. அதில் புளிப்பும் கிடையாது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்.

பாலில் இருக்கும் கால்சியத்தில் ஏறக்குறைய மூன்றில் ரெண்டு பங்கு, கேசின் புரத உருண்டைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பால் தயிராகிப் பிஹெச் ஐந்துக்குக் கீழே போகும்போது அந்தக் கால்சியம் கரைந்து தயிர்த் தண்ணீரில் இறங்கிவிடும். 100 கிராம் தயிரில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். கறியின் மேல்பரப்புக்கு அது தாராளம். ஆனால் கால்சியத்தை விடுவிக்கிற அதே புளிப்பு, கால்சியம் எழுப்ப வேண்டிய நொதியை முடக்கிவிடுகிறது. கால்பெய்ன் பிஹெச் ஏழைச் சுற்றித்தான் நன்றாக வேலை செய்யும். 5.6இல் கொஞ்சம் வேலை நடக்கும். நாலரைக்கு வந்தால் அதன் கதை முடிந்தது. தயிர் ஊறிய இடத்தில் கால்சியம் உண்டு, நொதி இல்லை. நொதி உயிரோடிருக்கும் உள்பகுதிக்குத் தயிரின் கால்சியம் போய்ச் சேர்வதில்லை. ஓர் இரவு ஊறினாலும் தயிர் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும்.

அப்படியானால் தயிர் செய்வது என்ன? பெரும்பாலும் புளிப்பின் வேலைதான். அதிலும் ஒரு வளைவு இருக்கிறது. கறிப் புரதத்தின் பிஹெச் ஐந்தை ஒட்டி இறங்கும்போது அதன் நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாகிவிடும். இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி, இடையிலிருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதையும் தாண்டிப் புளிப்பு ஏறினால் இழைகள் மறுபடி விலகித் தண்ணீரை உறிஞ்சி உப்பும். நார்க்கட்டுகளைச் சுற்றியிருக்கும் கொலாஜன் உறையும் ஊதித் தளர்ந்து, சூட்டில் சீக்கிரம் ஜெலட்டினாக உருகும். புளிப்பில் வேலை செய்யும் கத்தெப்சின் நொதிகளும் அப்போது துணைக்கு வரும். தயிர் தரும் மென்மை இதுதான். ஆனால் கறி புளிப்பை எளிதில் ஏற்காது, தன் பிஹெச்சைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தயிர் நேரடியாகப் படுகிற மேல்பூச்சு மட்டும் அந்த வறட்சிக் கட்டத்தைத் தாண்டும். அதற்கு அடுத்த அடுக்கு அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடும். காதுகுத்து வீட்டில் நான் பிட்ட துண்டில் மாவு, வறட்டுப் பட்டை, நார் என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தது இதனால்தான்.

இதை மச்சானிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. செய்து காட்டத்தான் முடிந்தது. பங்குனியில் அவர் வீட்டில் ஒரே கிடாயின் தொடைக்கறியை மூணு சட்டிகளில் போட்டோம். ரெண்டு பல் போட்ட ஆடு, அதாவது ஒன்றேகால் வயது இருக்கும். காலையில் வெட்டியதை நான் சாயங்காலம்தான் வாங்கினேன். வெட்டின சூட்டோடு குளிர்பெட்டியில் வைத்தால் தசை குளிரில் சுருண்டு இன்னும் கடினமாகும் என்பதால் அந்தத் தாமதம். முதல் சட்டியில் உப்பு மட்டும். ரெண்டாவதில் உப்போடு அன்று காலை உறைந்த தயிர். மூணாவதில் உப்போடு ரெண்டு நாள் புளித்த தயிர். கிலோவுக்கு 150 கிராம் தயிர், 15 கிராம் உப்பு. ஈயப் பூச்சு இல்லாத பித்தளையும் அலுமினியமும் புளிப்பில் கரையும் என்பதால் மூன்றுமே மண்சட்டி. பால் சங்கத்து வேலையிலிருந்து கைவசம் இருந்த பிஹெச் தாளில் தொட்டுப் பார்த்தேன். புதுத் தயிர் நாலரை, பழைய தயிர் நாலுக்கும் கீழே. மூணையும் மூடி இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தோம்.

காலையில் திறந்ததுமே பாதி தெரிந்துவிட்டது. புளித்த தயிர்ச் சட்டியில் துண்டுகள் வெளுத்து, விளிம்பு மழுங்கி, விரலால் வழித்தால் சன்னமான பூச்சு உரிந்து வந்தது. அடியில் இளஞ்சிவப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. புதுத் தயிர்ச் சட்டியில் தண்ணீர் அவ்வளவாக இல்லை, துண்டு முனை மழுங்காமல் நின்றது. அதற்கு உப்பும் ஒரு காரணம். உப்பு இருந்தால், கறி தண்ணீரை விடுகிற அந்தக் கட்டம் இன்னும் புளிப்பான பக்கம் தள்ளிப்போகும். இளம்புளிப்பில் அது கறியைக் காக்கும். தயிரைப் போட்டுவிட்டு உப்பைச் சமைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்பது நஷ்டம்.

மூணையும் ஒரே தீயில், ஒரே நேரம் வேகவைத்தோம். மச்சான் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். உப்பு மட்டும் போட்டதும், புதுத் தயிர் போட்டதும் நடுப்பகுதியில் ஒரே மாதிரி மென்மை. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. “அப்ப தயிரு ஒண்ணும் பண்ணலையா மாப்ள?” என்றார். உள்ளே வேலை செய்தது தயிர் இல்லை மச்சான், ராத்திரி என்றேன். தசையின் சொந்தக் கால்சியமும் சொந்த நொதியும் தடையில்லாமல் வேலை செய்ய அவகாசம் கிடைத்தது. தயிரின் பங்கு மேல் அடுக்கில் தெரிந்தது. பல் பட்டதும் விட்டுக்கொடுத்தது, மசாலா விடாமல் பிடித்திருந்தது, வதங்கும்போது நிறமும் நன்றாக ஏறியது. புளித்த தயிர்க் கறி மேலே குழைந்து, உள்ளே மற்ற ரெண்டையும்விட வறண்டிருந்தது.

துண்டின் அளவும் இதில் சேர்ந்தது. சில மில்லிமீட்டர் ஆழம்தான் என்றால், சுக்காவுக்கு வெட்டுகிற சின்னத் துண்டில் அதுவே பெரும்பங்கு. பிரியாணிக்கு வெட்டுகிற பெரிய துண்டில் அது வெறும் தோல். சுக்காவுக்குப் புதுத் தயிரில் ரெண்டு மணி நேரமே போதும். பிரியாணித் துண்டை ராத்திரி முழுக்க வைக்கலாம், ஆனால் தயிர் இளசாக இருக்க வேண்டும். கொல்லையில் நிற்கும் பப்பாளிக் காயைச் சீவிப் போடுகிற பழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. அதன் பால் கொலாஜனையும் நாரையும் பார்க்காமல் அறுக்கும், கறி சூடேறும்போது அதன் வேகம் இன்னும் கூடும். கொஞ்சம் மிஞ்சினாலும் கறி கூழாகிவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

எட்டுப் பல்லும் நிரம்பிய கிடாய்க்கு மட்டும் இதெல்லாம் உதவவில்லை. வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்குள் குறுக்குப் பிணைப்புகள் இறுகிக்கொண்டே போகும். தயிரின் புளிப்புக்கு அவை அசைவதில்லை. சாமிக்கு நேர்ந்து விட்ட கிடாய் பெரும்பாலும் அந்த வயதில்தான் வெட்டுக்கு வரும். அப்படி வந்தால் மச்சான் இப்போது கழுத்துக்கறியையும் நெஞ்சுக்கறியையும் தனியாக ஒதுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டுச் சிறு தீயில் ரெண்டு மணி நேரம் முன்னதாக வேகவைத்துவிடுகிறார். அந்தத் தண்ணீரைத்தான் அரிசிக்கு ஊற்றுகிறார். அன்று காலை உறைந்த தயிர், தாளித்த மசாலாவோடு அதற்குப் பிறகுதான் சேர்கிறது.