தலை-தலை ஏன் தாமதமாக வருகிறது?

விக்ரோலி கன்னம்வார் நகரில் மாலை நேரங்களில் சில கல்லூரி மாணவர்கள் என்னிடம் நிகழ்தகவு படிக்க வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்திருந்தேன். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தலைகள் முதன்முறையாக விழ எத்தனை முறை ஆயிற்று என்று குறிக்க வேண்டும். பிறகு, தலையும் அதையடுத்துப் பூவும் விழுவதற்கு அதே கணக்கு. இதையே பலமுறை செய்து சராசரி காண வேண்டும்.

ஒரு மாணவி தன் குறிப்பேட்டை நீட்டி, "நாணயம் சரியில்லை சார். வேறு நாணயத்தில் முதலிலிருந்து செய்து வருகிறேன்" என்றாள். தலை-பூவுக்கு நான்கை ஒட்டிய சராசரி. தலை-தலைக்கோ ஆறை ஒட்டியது. இரண்டின் நிகழ்தகவும் கால் பங்குதானே, காத்திருப்பும் சமமாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவள் வாதம். நாணயம் ஒருபக்கம் சாய்கிறதா என்பதை அறிய வேறு வழி உண்டு: மொத்தத் தலைகளையும் பூக்களையும் எண்ணிப் பார்க்கலாம். எண்ணினோம்; ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம் என்றேன். சரியான தரவு, தவறான எதிர்பார்ப்பின் பொருட்டுக் குப்பைக்குப் போகவிருந்தது.

கணக்கு எளிது. முதல் தலை விழச் சராசரியாக 2 முறை சுண்ட வேண்டும். தலை-பூவைத் தேடுபவருக்கு அதன்பின் பூ மட்டும் வந்தால் போதும். இடையில் மீண்டும் தலை விழுந்தாலும் அவர் எதையும் இழப்பதில்லை. அந்தத் தலையே புதிய தொடக்கமாகிறது. ஆகவே இன்னும் 2, மொத்தம் 4.

தலை-தலையைத் தேடுபவர் நிலை வேறு. முதல் தலைக்குப் பின் பூ விழுந்தால் கையில் இருந்த தலையும் பயனற்றுப் போகிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய சராசரியை E என்போம். முதல் தலைக்கு 2, அடுத்த முயற்சிக்கு 1, அதில் பாதி வாய்ப்பில் மீண்டும் முழு E. எனவே E = 2 + 1 + E/2; அதாவது E = 6.

மாணவி விடவில்லை. "அப்படியானால் நீண்ட ஓட்டத்தில் தலை-தலை குறைவாக அல்லவா வர வேண்டும்? அதன் பங்கும் கால்தான் என்கிறீர்களே?" நியாயமான கேள்வி. இந்த வரிசையைப் பாருங்கள்:

த பூ பூ த த த த பூ பூ த பூ பூ

இதில் தலை-பூ மூன்று முறை வருகிறது. 2, 8, 11ஆம் இடங்களில் முடிகிறது. தலை-தலையும் மூன்று முறைதான். ஆனால் 5, 6, 7ஆம் இடங்களில் ஒரே கொத்தாக. ஒரு தலை-தலையின் கடைசித் தலை, அடுத்த தலை-தலையின் முதல் தலையாகவும் இருக்க முடியும். தலை-பூவுக்கு அந்த வசதி இல்லை. பூவில் முடிவது தலையில் தொடங்க முடியாது. எண்ணிக்கை சமமாக இருந்தும் கொத்துகள் நெருங்கி வருவதால், கொத்துகளுக்கு இடையிலான வெற்றிடம் நீள்கிறது. இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போனபின் நிறுத்தத்திற்கு வருபவருக்கு இது தெரியும்: மணிக்கு இத்தனை வண்டி என்பது மாறாது, காத்திருப்பு நீளும்.

இதையும் சரிபார்க்கலாம். ஒரு தலை-தலை முடிந்ததும், பாதி வாய்ப்பில் ஒரே முறையில் அடுத்தது வந்துவிடும். மீதிப் பாதியில் பூ விழுந்து, பின் 6, ஆக 7. 1, 7 இரண்டின் சராசரி 4. கால் பங்கு காப்பாற்றப்படுகிறது. முதல் வருகைக்கான காத்திருப்பு 6, இரு வருகைகளுக்கு இடைவெளி 4. கேள்விகள் இரண்டு.

நான்கு முறை சுண்டினால் வரக்கூடிய 16 வரிசைகளையும் எழுதிப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். தலை-பூ இல்லாதவை 5 மட்டுமே, ஏனெனில் பூக்கள் எல்லாம் முன்னே, தலைகள் எல்லாம் பின்னே நிற்க வேண்டும். தலை-தலை இல்லாதவை 8. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு முறைகளுக்கு இவ்வெண்ணிக்கை 2, 3, 5, 8 என வளரும். ஃபிபொனாச்சியின் 1202ஆம் ஆண்டு நூலுக்கு முன்பே, ஹேமச்சந்திரர் லகு, குரு அசைகளை எண்ணியபோது கண்ட தொடர் இதுதான். தலை-தலை இல்லாத வரிசையின் இறுதியில் ஒரு பூவைச் சேர்த்தால், அது 'பூ' என்ற ஒரு மாத்திரைத் துண்டுகளாகவும் 'தலை-பூ' என்ற இரு மாத்திரைத் துண்டுகளாகவும் மிச்சமின்றிப் பிரியும். லகுவும் குருவும் அவையே.

கடைசியாக ஒன்று. இருவர் ஒரே நாணய வரிசையைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் தலை-தலைக்கும் மற்றவர் தலை-பூவுக்கும் பந்தயம் கட்டினால் யார் முந்துவார்? யாருக்கும் சாதகமில்லை. முதல் தலைக்கு அடுத்து விழுவதே முடிவு. அது பாதிக்குப் பாதி. சராசரிக் காத்திருப்பு குறைவு என்பதால் போட்டியில் முந்தும் என்று பொருளில்லை. தலை-தலைக்காரர் தோற்கும்போதுதான் நெடுநேரம் காத்திருக்கிறார் என்று சொல்லத் தோன்றும். தலை-பூக்காரரும் தோற்றபின் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் கையில் ஒரு தலை இருக்கிறது, மற்றவர் கையில் எதுவும் இல்லை.