முப்பத்திரண்டு இடங்களும் ஒரு தமிழ்ப் பெயரும்



கிள்ளானில் நான் பணியாற்றும் பள்ளியின் ஆசிரியர் அறைக்குப் புதிய வைஃபை கருவி ஒன்று வந்தது. (அருகலை என்னும் அழகிய சொல் நம்மிடம் உண்டு, எனினும் நாவிற்குப் பழகியது வைஃபைதான்.) அதற்குத் தமிழிலேயே பெயர் சூட்ட வேண்டுமென்று இளம் ஆசிரியர் ஒருவர் விரும்பினார். முதலில் ‘தமிழ்ப்பள்ளி’ என்று தட்டினார். கருவி ஏற்கவில்லை. ‘ஆசிரியர் அறை’ என்றார். அதையும் ஏற்கவில்லை. ‘வகுப்பறை’ என்றதும் ஏற்றுக்கொண்டது.

காரணம் கணக்கில் இருக்கிறது. வைஃபை பெயருக்கு ஒதுக்கப்பட்டுள்ள இடம் அதிகபட்சம் 32 பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். யுடிஎப்-8 முறையில் தமிழுக்கு அப்படியன்று. நாம் வகுப்பில் ‘தமிழ்ப்பள்ளி’யை ஏழு எழுத்து என்று எண்ணுகிறோம். கணினியோ உயிர்மெய்யைப் பிரித்து, அகரமேறிய மெய்யைத் தனியாகவும், கொம்பு, விசிறி, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியாகவும் எண்ணுகிறது. ஆகவே 12 குறிகள்; குறி ஒன்றுக்கு 3 பைட்டு வீதம் 36. ‘ஆசிரியர் அறை’ இடைவெளியோடு 34. ‘வகுப்பறை’ 24 மட்டுமே. தமிழில் மட்டுமே பெயர் வைப்பதாயின் பத்துக் குறிகளுக்கு மேல் இடமில்லை.

மலாய்ப் பெயரும் தப்பவில்லை என்பது வேடிக்கை. `Sekolah Jenis Kebangsaan (Tamil)` என்பதை எண்ணிப் பாருங்கள். இடைவெளி, அடைப்புக்குறி உட்பட மிகச் சரியாக 32. பள்ளியின் சொந்தப் பெயருக்கு ஓர் எழுத்தளவும் மிஞ்சாது! நாம் `SJK(T)` என்று சுருக்குவது இங்கும் உதவுகிறது. முழு 32 பைட்டையும் நிரப்புவதும் நல்லதன்று. பழைய கருவிகள் சிலவற்றில், பெயரின் முடிவைக் காட்டும் குறிக்கும் சேர்த்தே 32 இடம் வைத்திருப்பார்கள். அங்கே கடைசி எழுத்து விழுந்துவிடும்.

சரி, ‘வகுப்பறை’க்கு வருவோம். எல்லாருடைய கைப்பேசிகளிலும் பெயர் அழகாகத் தெரிந்தது. அறையிலிருந்த பழைய அச்சுப்பொறிதான் முரண்டு பிடித்தது. அதன் சிறு திரையில் ‘வ’ இருக்கவேண்டிய இடத்தில் `à®µ` என்று தெரிந்தது.

“பாஸ்வேர்ட் சரியாத்தானே போட்டேன், டீச்சர். ஏன் தப்புன்னு சொல்லுது?” என்றார் அவர்.

கடவுச்சொல் சரியே. வைஃபை பெயர் என்பது தர விதிகளின்படி வெறும் பைட்டுகளின் வரிசை. அவற்றை எந்தக் குறியீட்டு முறையில் படிப்பது என்று பழைய விதிகள் சொல்லவில்லை. ‘இது யுடிஎப்-8’ என்று அறிவிக்கும் அடையாளம் 2012ஆம் ஆண்டுத் தரத்தில்தான் வந்தது. அதற்கு முந்திய கருவி மூன்று பைட்டை மூன்று ஐரோப்பிய எழுத்தாகப் படிக்கிறது. (முன்பு எழுத்துரு மாறினால் நம் மடல்கள் பூச்சிகளாய்த் தெரிந்தனவே, அதே கதை.) படிப்பதோடு நின்றால் தீங்கில்லை, அந்தத் திரிந்த வடிவத்தையே திருப்பி அனுப்பினால், அப்படியொரு பெயர் அங்கே இல்லாததால் இணைப்புக் கிடைக்காது. மேலும், டபிள்யூபிஏ2 முறையில் மறைகுறித் திறவுகோல் கடவுச்சொல்லிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. வைஃபை பெயரையும் கலந்தே கணக்கிடப்படுகிறது. பெயரில் ஒரு பைட்டு திரிந்தாலும் திறவுகோல் வேறாகிவிடும். அதனால்தான் குற்றம் பெயரில் இருக்க, கருவி கடவுச்சொல்லைப் பழிக்கிறது.

தமிழே வேண்டா என்போரும் இதில் சிக்குவர். ஐபோனின் பகிரலைப் பெயர் `Cikgu’s iPhone` என்றிருந்தால், அந்த வளைந்த மேற்குறி மூன்று பைட்டு. பழைய கருவியில் நாம் தட்டும் நேரான `'` ஒரே பைட்டு. கண்ணுக்கு ஒன்று, கருவிக்கு வேறு. அமைப்புகளில் ‘பொது’, ‘அறிமுகம்’ பகுதிக்குச் சென்று பெயரிலிருந்து அந்தக் குறியை நீக்கிவிட்டால் போதும்.

புதிய கருவிகளும் இடறியதுண்டு. 2021 ஜூனில் கார்ல் ஷூ என்னும் ஆய்வாளர் `%p%s%s%s%s%n` என்ற பெயருள்ள வைஃபையில் சேர்ந்ததும், அவருடைய ஐபோனில் வைஃபையே இயங்காமற் போயிற்று. விழுக்காட்டுக் குறிகளை மென்பொருள் பெயராகக் கொள்ளாமல் கட்டளையாகக் கொண்டதே காரணம். வலையமைப்பு அமைப்புகளை மீட்டமைத்த பிறகே சரியாயிற்று. ஆப்பிள் நிறுவனம் அடுத்த மாதமே ஐஓஎஸ் 14.7இல் திருத்தம் வெளியிட்டது.

பெயர்தான் காரணமா என்று அறிய எளிய வழி உண்டு. கடவுச்சொல்லை மாற்றாமல் பெயரை மட்டும் `test` என்று மாற்றிப் பாருங்கள். சேர்ந்தால் குற்றம் பெயருடையது. சேராவிட்டால் பெயரை விட்டுவிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இயங்குகிறதா என்றும், பழைய கருவிக்குப் புரியாத டபிள்யூபிஏ3 மட்டும் இடப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் காரணம் தெரியாது.

எங்கள் அச்சுப்பொறி `test`இல் உடனே சேர்ந்தது. இளம் ஆசிரியருக்கு மனம் ஒப்பவில்லை, எனக்குந்தான். அந்தக் கருவியில் விருந்தினருக்கென இரண்டாம் பெயர் ஒன்றும் வைக்கலாம். ஆகவே அச்சுப்பொறிக்கு `Bilik Guru`, கைப்பேசிகளுக்கு ‘வகுப்பறை’ என்று இரண்டும் இப்போது அருகருகே தெரிகின்றன.