அட்டையில் எழுதிய நான்கு வரி

சென்ற ஆண்டு தீபாவளிக்கு, எங்கள் இல்லத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணி செய்து வரும் பெண்மணிக்குப் புடவையும் இனிப்பும் வைத்துக் கொடுத்தபோது, கூடவே ஒரு வாழ்த்து அட்டையையும் வைத்தேன். அதில் இவ்வாறு எழுதியிருந்தேன்: ‘எங்கள் வீட்டுப் பெண்ணைப் போன்ற உனக்கு, உன் விசுவாசமான உழைப்பை மெச்சி எங்களின் சிறு அன்பளிப்பு. இறைவன் உன்னை நன்றாக வைத்திருப்பான்.’ எழுதி முடித்து என் கணவரிடம் படித்துக் காட்டினேன். நன்றாக இருப்பதாகவே அவரும் சொன்னார்.

தை பிறந்த பிறகு ஒரு நாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே அந்த அம்மாள் சிரித்தபடி சொன்னார்: “விசுவாசம்னா நாய்க்குத்தானே சொல்லுவாங்கன்னு என் பொண்ணு கேக்குது மாமி.” பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பெண் அவள். தாய்க்கு அட்டையைப் படித்துக் காட்டியவளும் அவள்தான். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அது எனக்கே ஒப்பவில்லை.

அன்றிரவு அந்த வரிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வீட்டுப் பெண்ணைப் போன்றவர் என்று எழுதினேனே, தீபாவளியன்று என் பெண் எங்களோடு இலையில் அமர்ந்து உண்பாள். இவரோ அந்த இலைகளை எடுத்துப் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குத் தம் வீட்டிற்கு ஓடுவார். ‘போன்ற’ என்ற சொல்லுக்குள் இருக்கும் தூரம் எழுதியவளுக்குத் தெரியாவிட்டாலும் படிப்பவருக்குத் தெரியும். ‘மெச்சி’ என்பது மேலே இருப்பவர் கீழே பார்த்துச் சொல்வது. சிறு அன்பளிப்பு என்றதும் சரியில்லை. அதே உறையில்தான் ஒரு மாதச் சம்பளத்தையும் வைத்திருந்தேன். அது தீபாவளிக்கு அவருக்கு உரியது. நான் அளிப்பது அன்று. அதை அன்பளிப்பு என்று எழுதினால், உரிமையைக் கருணையாக மாற்றிவிடுகிறோம்.

ஆனி மாதத்தில் என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. நானும் மருத்துவமனையிலேயே தங்கினேன். மகன் வெளிநாட்டில்; வீட்டுச் சாவி அந்த அம்மாளிடம். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு எனக்கு விளக்கின் நினைவு வந்தது. என் மாமியார் காலத்திலிருந்து அந்தியில் அணையாமல் எரிந்த குத்துவிளக்கு அது. தொலைபேசியில் அவரை அழைத்து, நல்லெண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றிவிடும்படி கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “உள்ளே போகலாமா மாமி?” என்றார்.

பதினோரு ஆண்டுகளில் அவரை நாங்கள் பூஜை அறைக்குள் வரச் சொன்னதில்லை. வரக்கூடாது என்றும் சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. “போங்கள்” என்றேன். அவரிடம் நான் ‘போங்கள்’ என்று சொன்னது அதுவே முதல் முறை.

இந்த ஆண்டு தீபாவளிக்கு அட்டை எழுத உட்கார்ந்தபோது, எதற்கு நன்றி சொல்வது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. எப்படிச் சொல்வது என்பதே சிக்கலாயிற்று. ‘உங்களை நம்பி வீட்டை ஒப்படைத்துச் சென்றோம்’ என்று தொடங்கினேன், அடித்தேன். ‘எங்கள் பூஜை அறையில் விளக்கேற்றும் பேற்றினை’ என்று மாற்றினேன். அது இன்னும் மோசம். பிறகுதான் புரிந்தது. நான் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் ‘நாங்கள்’ என்றே இருந்தது. நாங்கள் நம்பினோம், நாங்கள் மெச்சினோம், நாங்கள் அளித்தோம். நன்றிக் கடிதம் என்ற பெயரில் எங்களையே நாங்கள் புகழ்ந்துகொண்டிருந்தோம். விளக்கேற்றியவர் அவர், வாக்கியமும் அவரைக் கொண்டே அமைய வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றபோது, அங்குள்ள கல்வெட்டொன்றைக் குறித்து விளக்கம் கேட்டது நினைவுக்கு வந்தது. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய அத்திருக்கோயிலில், இராசராசன் பணியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாவது வீடு, இன்ன பெயர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு பங்கு, பங்கொன்றுக்கு நூறு கலம் நெல் என்று அவர்களுக்கு உரியதும் எழுதப்பட்டிருக்கிறது. பெயரையும் இடத்தையும் பொறித்ததே அவர்களுக்குச் செய்த மரியாதையாக எனக்குப் பட்டது.

பெயர் என்றதும் எனக்கு வெட்கமாயிற்று. அவருடையது அம்பாளின் நீண்ட திருநாமம். வந்த நாள் முதல் அதை இரண்டெழுத்தாகச் சுருக்கியே அழைத்து வந்தோம். சென்ற ஆண்டு அட்டையிலும் அதுவே. (இங்கும் பெயரை எழுதவில்லை. அச்சில் போடலாமா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.) முழுப் பெயரை எப்படி எழுதுவீர்கள், முதலெழுத்து என்ன என்று கேட்டறிந்தேன். தகப்பனார் பெயரின் முதலெழுத்தையே போட்டுக்கொள்கிறாராம்.

மாதச் சம்பள அளவிலான போனஸை, கடைவீதிக்குப் போக வசதியாகப் பத்து நாள் முன்பே தனியே கொடுத்துவிட்டேன். அட்டை புடவையோடு மட்டும் சேர்ந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். என் கூட்டெழுத்து அவருக்குப் புரியாது. ஆகவே எழுத்துகளைப் பெரிதாகவும் தனித்தனியாகவும் எழுதினேன். மகள் படித்துக் காட்டக் காத்திராமல் தாமே படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். முழுப் பெயரை இட்டு, ‘அவர்களுக்கு’ என்று சேர்த்து, கீழே இப்படி எழுதினேன்:

‘ஆனி மாதம் நாங்கள் மருத்துவமனையில் இருந்தபோது, ஒன்பது நாளும் மாலையில் எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றினீர்கள். நாங்கள் திரும்பி வந்தபோதும் அது எரிந்துகொண்டிருந்தது. மிக்க நன்றி. தீபாவளி நல்வாழ்த்துகள்.’

‘குடும்பத்தினர்’ என்று போடாமல் நாங்கள் இருவரும் பெயர் எழுதிக் கையொப்பமிட்டோம்.

‘நீங்கள்’ என்று எழுதலாமா என்று என் கணவர் தயங்கினார். திடீரென்று மரியாதை காட்டினால் அந்நியமாகத் தோன்றாதா என்பது அவர் கேள்வி. பேச்சில் வரும் ‘நீ’யில் வாஞ்சை இருக்கலாம். ஆனால் தாளில் குரல் கேட்பதில்லை. அந்தத் தாளை அவருடைய மகளும் படிப்பாள். ஆகவே ‘நீங்கள்’ என்றே விட்டேன்.

இதைக் கேள்வியுற்ற அடுத்த வீட்டு மாமி, ஆயுத பூஜைக்குத் தம் ஓட்டுநருக்கு எழுதியிருந்ததைக் காட்டினார். ‘வண்டியைச் சொந்த வண்டிபோல் பார்த்துக்கொண்டதற்கு நன்றி’ என்றிருந்தது. நன்றி காருக்குத்தான் போய்ச் சேர்கிறது என்றேன். அவர் என்ன செய்தார், ஒன்றைச் சொல்லுங்கள் என்றதும் மாமி யோசித்தார். சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை சென்று திரும்பும் இரவில், தமக்கு உறக்கம் வருகிறது என்று ஒளிக்காமல் சொல்லி, வண்டியை ஓரங்கட்டி ஒரு மணி நேரம் கண்ணயர்ந்த பிறகே ஓட்டினாராம். அதைத்தான் எழுத வேண்டும் என்றேன். அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

தீபாவளிக்கு முதல் நாள் தாம்பாளத்தில் புடவை, இனிப்பு, வெற்றிலை பாக்கு, மஞ்சளோடு அட்டையையும் வைத்துக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எதிரிலேயே பிரித்துப் படிக்கும்படி நானும் சொல்லவில்லை.

பண்டிகை முடிந்து மூன்றாம் நாள் வந்தார். வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தவர், பையிலிருந்து அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ஒன்பது நாள் இல்ல மாமி, பத்து. நீங்க வந்த அன்னிக்கும் நான்தானே ஏத்தினேன்?”

அவர் சொன்னது சரிதான். பேனாவை எடுத்து ‘ஒன்பது’ என்பதை அடித்து, மேலே ‘பத்து’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.