ஒரு பெட்டி மணலில் எவ்வளவு மணல்?



தலைப்பைப் பார்த்து, "இது என்ன விடுகதையா?" என்று கேட்காதீர்கள். கான்கிரீட் டெக்னாலஜி பேப்பரில் "பல்கிங் ஆஃப் சாண்ட் பற்றிச் சிறுகுறிப்பு வரைக" என்று வரும் ஐந்து மார்க் கேள்விதான் இது. நாமும் வளைகோடு ஒன்று வரைந்து, ஈரம் கூடக் கூட மணலின் பருமன் கூடும், பிறகு குறையும் என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த வளைகோடு ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை எங்கள் ஊர் பேரையூரில் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

சித்தப்பா வீடு கட்டுகிறார். போன ஐப்பசியில் மழைக்கு இடையே நாலு தூண்களுக்குக் கான்கிரீட் போட்டார்கள். பலகையைப் பிரித்தபோது இரண்டு தூண்களில் முழங்கால் உயரத்துக்கு ஜல்லி அப்படியே வெளியே தெரிந்தது. புத்தகத்தில் ஹனிகூம்ப் என்று படிக்கிறோமே, அதுதான். பலகை இடுக்கு வழியாகச் சிமெண்ட் பால் ஒழுகியிருந்தாலும் இப்படி வரும். ஆனால் அப்போது ஓட்டை அந்த இடுக்கை ஒட்டியே இருக்கும், பலகைக்கு வெளியே பால் வழிந்த தடமும் இருக்கும். இங்கே தடம் எதுவும் இல்லை. தூணின் நாலு பக்கமும் ஒரே மாதிரி, ஜல்லிக்கும் ஜல்லிக்கும் நடுவில் கலவை போதாமல் நின்றது. மேஸ்திரி அண்ணன் பார்த்ததும் சொன்னார்: "மணல் பத்தல தம்பி. மழக்காலத்துல பெட்டில அள்ளுனா மணல் ஏமாத்திரும். அதுக்குத்தான் நான் ஒரு சட்டி கூடப் போடச் சொல்லுவேன். அன்னிக்குச் சித்தாள் மறந்துட்டாப்ல இருக்கு."

எனக்கு ஆச்சரியம்! நாம் வளைகோட்டில் படித்ததை அவர் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார். ஆனால் அந்த "ஒரு சட்டி" எந்த ஈரத்துக்கு? தூறல் மணலுக்கும் அடைமழை மணலுக்கும் அதே ஒரு சட்டிதானா? அடுத்து மேல்தளம் போட வேண்டும். சித்தப்பாவுக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. தூணையாவது சுரண்டிப் பூசிச் சரி செய்யலாம், தலைக்கு மேல் நிற்கும் தளத்தை என்ன செய்வது?

முதலில் மணல் ஏன் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம். வைகை மணலில் வீடு கட்டி விளையாடாதவர் நம்மில் யார்? காய்ந்த மணலில் சுவர் நிற்காது, சரிந்துவிடும். லேசான ஈர மணலில் நிற்கும். அதே சுவரைத் தண்ணீரில் வைத்தால் கரைந்து உட்கார்ந்துவிடும். லேசான ஈரத்தில் ஒவ்வொரு மணலையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒட்டுகிறது. அதன் மேற்பரப்பு இழுவிசை, மணல்களைச் சரிந்து நெருங்கி உட்கார விடாமல் இடைவெளியோடு பிடித்து வைக்கிறது. அதனால் அதே மணல் அதிக இடத்தை அடைக்கிறது. முழுக்க நனைந்தால் படலம் என்று தனியாக ஒன்று இருக்காது, இழுவிசையும் போய்விடும். மணல் திரும்பக் காய்ந்த அளவுக்கே படிந்துவிடும். பொதுவாக எடையில் 4 முதல் 6 சதவீதம் ஈரம் இருக்கும்போதுதான் உப்பல் உச்சத்தில் இருக்கும். பெருமணல் 15, 20 சதவீதம் உப்பும். நைசான மணல் 40 சதவீதம் வரைகூடப் போகும். ஜல்லிக்கு இந்தத் தொல்லை இல்லை. 20 மில்லி கல்லின் பருமனுக்கு முன்னால் நீர்ப்படலம் ஒரு பொருட்டே அல்ல.

இப்போது பெட்டிக்கு வருவோம். சிமெண்டைப் பெட்டியில் அளக்கக்கூடாது, முழு மூட்டையாகத்தான் போட வேண்டும். 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர். அதனால்தான் மணல், ஜல்லி அளக்கும் பெட்டியையும் 35 லிட்டருக்குச் செய்கிறார்கள். உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்றால் கணக்குச் சரியாக வரும். 1:1½:3 கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்ட், ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. இந்த ஒன்றரைப் பெட்டி என்பது காய்ந்த மணலுக்கான கணக்கு என்பதுதான் எல்லோரும் மறக்கிற விஷயம். ஐ.எஸ். 456:2000 விதியும், எடை போட வழியில்லாத இடத்தில் மட்டுமே பருமனில் அளக்கலாம், அளந்தால் உப்பலுக்குத் திருத்தம் செய்தாக வேண்டும் என்கிறது. அந்தச் சோதனை ஐ.எஸ். 2386 மூன்றாம் பாகத்தில் இருக்கிறது.

லேபில் நாம் செய்யும் சோதனையை வீட்டு வாசலில் செய்ய ஒரு 15 லிட்டர் எண்ணெய் டின் போதும். மேல்மூடியை வெட்டி எடுத்துவிடுங்கள். வாளி கூடாது. அது மேலே அகலம், கீழே குறுகல், உயரத்தை வைத்துப் பருமனைச் சொல்ல முடியாது. தளம் போடும் அன்று காலை, குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் மணலை எடுத்து, தட்டாமல் குலுக்காமல் டின்னில் கொட்டினேன். மட்டம் செய்து ஸ்கேலைக் குத்திப் பார்த்தால் 20 செ.மீ. அந்த மணலை ஒரு தார்ப்பாயில் கொட்டிவிட்டு டின்னில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றினோம். மணலில் பாதியைத் திரும்பப் போட்டு, மெல்லிய கம்பியால் நன்றாகக் குத்திப் படிய வைத்தோம். மீதியையும் அப்படியே. மறுபடி அளந்தால் 16 செ.மீ. ஒரு சிட்டிகை மணலையும் வெளியே விடவில்லை, நாலு செ.மீ. காணோம்! சித்தப்பா டின்னுக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 20-ல் 4 போனது, ஆகவே 20 சதவீதம் என்று சொல்லத் தோன்றும். தவறு. உப்பல் என்பது உண்மையான மணலின் மேல் எவ்வளவு கூடியது என்பது. 20-ஐ 16-ஆல் வகுத்தால் 1.25, அதாவது 25 சதவீதம். ஒன்றரைப் பெட்டியை 1.25-ஆல் பெருக்கினால் 1.875 பெட்டி. சரி பார்க்க, இந்த 1.875 பெட்டி ஈர மணலில் உண்மை மணல் ஐந்தில் நாலு பங்கு, சரியாக ஒன்றரைப் பெட்டி வருகிறது. 20 சதவீதம் என்று எடுத்து 1.8 பெட்டி போட்டிருந்தால் 1.44 தான் வரும்.

சித்தாளிடம் போய் "1.875 பெட்டி போடு" என்றால் அடிக்க வருவார். அதனால் மேஸ்திரி அண்ணன் ஒரு வேலை செய்தார். முதல் பெட்டி முழுசாக. இரண்டாவது பெட்டியின் உள்பக்கம் மேல்விளிம்பிலிருந்து 3 செ.மீ. கீழே ஆணியால் கோடு கீறி, "இதுக்கு மேல ஒரு கை மணல் ஏறக்கூடாது ஆத்தா" என்றார். முடிந்தது கணக்கு.

திருத்தம் செய்யாமல் ஒன்றரைப் பெட்டியே போட்டிருந்தால் உள்ளே போவது 1.2 பெட்டி மணல்தான். கலவை 1:1.2:3 ஆகிவிடும். சிமெண்ட் விகிதம் கூடுகிறதே, பலம்தானே என்று சிலர் வாதாடுவார்கள். கலவையின் கனம் மூட்டைக்கு ஆறு லிட்டருக்கு மேல் குறையும். 600 சதுர அடியில் ஐந்து அங்குலத் தளத்துக்கு இரண்டு, மூன்று மூட்டை கூடச் செலவு. அதுகூடப் பெரிதல்ல. மணல் குறைந்த கலவை முரடாக இருக்கும், கரண்டியால் தேய்த்தால் மேல்முகம் மூடாது, ஜல்லி தலை நீட்டும். உடனே யாராவது "தண்ணி ஊத்துப்பா" என்பார்கள். தண்ணீர் கூடியதும் கலவை ஓடுகிற மாதிரி தெரியும், ஆனால் மணலின் பஞ்சம் தீராது. பால் தனியாக, ஜல்லி தனியாகப் பிரியும். தூணில் நடந்தது இதுதான் என்பது என் எண்ணம்.

தண்ணீரிலும் ஒரு கழித்தல் உண்டு. ஒரு கிலோ ஈர மணலை வாணலியில் வறுத்தோம். (சித்தி திட்டினார், வாணலி அவருடையது.) 950 கிராம் நின்றது. 50-ஐ 950-ஆல் வகுத்தால் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஒன்றரைப் பெட்டி உலர்ந்த மணல், லிட்டருக்கு 1.6 கிலோ என்று வைத்தால் 84 கிலோ. அதோடு நாலரை லிட்டர் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் கலவைக்குள் வருகிறது. அதில் மணல் தனக்குள் உறிஞ்சி வைத்திருப்பது சிமெண்டுக்குக் கிடைக்காது. அதைக் கழித்து மூன்று லிட்டர் என்று எடுத்துக்கொண்டோம். மூட்டைக்கு 27 லிட்டர் ஊற்ற நினைத்ததை 24 ஆக்கினோம். 20 லிட்டர் குடம் ஒன்று, நாலு லிட்டர் டப்பா ஒன்று.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது வெயில் வந்தது. பேரையூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், மழைக்கு மறுநாளே கரிசல் வெடிக்கிற ஊர். பதினொரு மணிக்கு மேல் குவியலின் மேல்மணல் நிறம் வெளுத்தது. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது மறுபடி டின்னை எடுத்தோம். இப்போது 20 செ.மீ. மணல் 18-ல் நின்றது. உப்பல் 11 சதவீதம்தான். காலைக் கோட்டிலேயே அளந்தால் மணல் கூடிப்போகும். கூடினால் கலவை வழவழப்பாக, கொத்தனார்கள் விரும்புகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் அதிகத் தண்ணீர் கேட்கும், பலம் குறையும். புதுக் கணக்கில் 1.67 பெட்டி. இரண்டாவது பெட்டியில் விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே இன்னொரு கோடு. தண்ணீரையும் ஒரு லிட்டர் கூட்டினோம். "காலையில ஒரு கோடு, மத்தியானம் ஒரு கோடா? நல்லாத்தான்யா படிக்கிறீங்க" என்று மேஸ்திரி அண்ணன் சிரித்தாலும், கோட்டைக் கீறியது அவர்தான்.

பதினாறாம் நாள் முட்டு பிரித்தார்கள். தளத்தின் அடிமுகம் பலகையின் வரி தெரிகிற அளவுக்கு மூடியிருந்தது. இதற்கு மணல் கணக்கு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், அன்று வைப்ரேட்டரும் ஒழுங்காக ஓடியது. தூண்களை உடைத்துச் சுத்தம் செய்து பூசியது தனிச் செலவு.

இன்று நம் பக்கம் ஆற்று மணல் அரிது, எம்-சாண்ட்தான் வருகிறது. அதுவும் உப்பும். அதில் கல்தூள் அதிகமானால் இன்னும் கூடுதலாக உப்பும். டின் சோதனையில் தண்ணீர் பால் மாதிரி கலங்கும், தூள் மெதுவாகத்தான் இறங்கும். கொஞ்ச நேரம் தெளிய விட்டு அளக்க வேண்டும், மேலே படியும் சேற்றை மணலாகக் கணக்கிடக் கூடாது. குவியலின் அடிப்பகுதி மழைநீரில் ஊறிக் கிடந்தால் அங்கே உப்பல் குறைவு, மேலே அதிகம். ஒரே இடத்தில் அள்ளிச் சோதித்தால் பதில் தப்பு. லாரியில் வரும் மணலுக்கும் இதே கதைதான். 100 கன அடி ஒரு யூனிட். 25 சதவீதம் உப்பிய இரண்டு யூனிட் லோடில் இருப்பது 160 கன அடி மணல்தான். மீதிக்கு நாம் கொடுப்பது காற்றுக்கும் தண்ணீருக்கும் விலை.

ரெடிமிக்ஸ் பிளாண்டில் எடை போட்டுக் கலப்பதால் அங்கே உப்பல் என்ற பேச்சே இல்லை என்பார்கள். உண்மைதான், தராசுக்குப் பருமன் தெரியாது. ஆனால் ஈரம் அங்கேயும் விடாது. நம் 84 கிலோ மணலுக்கு அங்கே 88 கிலோவுக்கு மேல் நிறுத்துப் போட்டு, மணல் கொண்டுவந்த அளவைத் தண்ணீரில் கழித்தாக வேண்டும்.