கிரைண்டர் விளக்கத்தின் கீழ்ப்பாதி

கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டர், 2 லிட்டர். பெட்டியோடு 12 கிலோ.

கொள்ளளவு, மோட்டார் வாட், டிரம்மின் ஸ்டீல் எல்லாம் எழுதியாகிவிட்டது. மிச்சம் மூன்றே விஷயம். எப்போது வரும், சரியில்லாவிட்டால் என்ன, கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் விலை கேட்டவர்கள் அடுத்துக் கேட்பது: "கல்லு உடையாம வருமாங்க?"

வாட் கேட்டவர் அபூர்வம்.

*

பழைய விளக்கத்தின் கடைசிப் பத்தி, அப்படியே:

"பொருள் 24 மணி நேரத்தில் அனுப்பப்படும். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. கூரியரில் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. 5 வருட வாரண்டி*. நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

வாரண்டிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரம் எதைக் காட்டுகிறது என்று பக்கம் முழுக்கத் தேடினேன். எங்கும் இல்லை.

*

"24 மணி நேரத்தில் அனுப்பப்படும்."

வாங்குகிறவர் இதை "நாளைக்கு வந்துவிடும்" என்று படிக்கிறார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு வேண்டியது வந்து சேரும் நாள். கடையை விட்டுக் கிளம்பும் நாள் அவருக்கு எதற்கு?

ஒரு ஆர்டரை எடுத்துப் பார்க்கலாம். சனிக்கிழமை மாலை 6 மணி, சென்னை முகவரி. ஞாயிறு கூரியர் எடுக்காது. திங்கள் காலை ஓட்டிப் பார்த்து, தெர்மோகோல் வைத்து, மாலை வண்டியில் ஏற்றுகிறோம். 12 கிலோ என்பதால் தரைவழிதான். புதன் அல்லது வியாழன் சென்னை.

வாக்குக் கொடுத்த 24 மணி நேரம் ஞாயிறு மாலையே முடிந்துபோனது. கடையில் யாரும் தாமதம் செய்யவில்லை.

இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். எங்கள் கையில் இருக்கும் நாள் தனி, வழியில் போகும் நாள் தனி.

"மதியம் 2 மணிக்குள் வரும் ஆர்டர் அடுத்த வேலைநாள் மாலை கிளம்பும். கிளம்பியதிலிருந்து தமிழ்நாட்டுக்குள் 2 முதல் 4 நாள், மற்ற மாநிலங்களுக்கு 5 முதல் 9 நாள். ஞாயிறு கணக்கில் இல்லை."

இரண்டாவது எண்தான் முக்கியம். வழக்கமாக மூன்று நாளில் போகிறது என்பதற்காக மூன்று என்று போடக் கூடாது. மோசமான வாரத்தில் எத்தனை நாள் ஆனதோ அதைப் போட வேண்டும். நான்கு என்று எழுதி மூன்றில் வந்தால் நன்றி என்று செய்தி வரும். இரண்டு என்று எழுதி மூன்றில் வந்தால் புகார் வரும். பெட்டி வந்தது அதே நாள்தான்.

*

இந்த நாட்களுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, சொன்ன கெடுவைத் தாண்டிப் பொருள் போய்ச் சேர்ந்தால் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. வெள்ளம் போல் யார் கையிலும் இல்லாத காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு.

தீபாவளிக் கூட்டத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பது என் எண்ணம். அது வரும் தேதி காலண்டரிலேயே இருக்கிறது. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னாலேயே விளக்கத்தில் நாட்களைக் கூட்டிவிட வேண்டும்.

*

கிராமத்து பின்கோடுகள். சில இடங்களில் கூரியர் வீடு வரை வராது, அலுவலகத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். 12 கிலோ பெட்டியைப் பஸ்ஸில் தூக்கி வர வேண்டியவருக்கு இது பெரிய விஷயம். ஒரு வரி: "உங்கள் பின்கோடுக்கு வீடு வரை வருமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறோம்."

*

முதலாளி: "எதையாச்சும் எழுதி வெச்சா மாட்டிக்குவோமுங்க தம்பி. ஒண்ணும் எழுதாம விட்டுட்டா?"

விட முடியாது அண்ணா. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டிய கெடு பில்லில் சொல்லப்படவில்லை என்றால் 30 நாள் என்று இருக்கிறது. அதற்குள் எடுக்க மறுத்தால் அது முறையற்ற வணிகம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." குறையுள்ள பொருள் விஷயத்தில் இந்த வரி செல்லாது. நல்ல பொருள் வாங்க வந்தவரை விரட்டுகிற வேலையை மட்டும் அது செய்துகொண்டிருக்கிறது.

*

கல்.

உருளைக் கல்லைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்துத்தான் பெட்டி போகிறது. அப்படியும் எங்காவது ஒன்று விரிசலோடு போய்ச் சேரும். எடையும் கல்லும் சேர்ந்த பொருள். பெட்டியைக் கீழே போட்டால் அடி முதலில் கல்லுக்குத்தான்.

உருளைக் கல் விரிசல் விட்டால் முழுப் பெட்டியையும் திரும்ப வரவழைப்பது இரண்டு பக்கமும் நஷ்டம். வாங்கியவர் மறுபடி பேக் செய்ய வேண்டும், 12 கிலோவுக்குக் கூரியர் செலவு, வழியில் டிரம் நசுங்கும். கல்லை மட்டும் அனுப்பினால் போதும்.

"கல் விரிசலோடு வந்தால் புதுக் கல்லை எங்கள் செலவில் அனுப்புவோம். பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பெட்டி வந்த 3 நாளுக்குள் கல்லைப் படம் எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்."

முதலில் நாங்கள் செய்வது. பிறகு அவர் செய்ய வேண்டியது. 3 நாள் என்ற நிபந்தனை கடைசியில் நிற்கிறது, ஆனால் ஒளிந்து நிற்கவில்லை.

இதையே வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: "3 நாளுக்குள் தெரிவிக்கப்படாத சேதங்கள் ஏற்கப்பட மாட்டாது." இரண்டிலும் நாள் அதே மூன்றுதான்.

*

எது விரிசல், எது கல்லின் வரி?

கருங்கல்லில் பிறவியிலேயே கோடுகள் உண்டு. அதைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய. ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காய விட வேண்டும். மேல்பரப்பு காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரம் பிடித்துக் கறுப்பாக நின்றால் விரிசல். நகத்தால் குறுக்கே இழுத்தால் தட்டும். கல்லின் வரி தட்டாது.

இது விளக்கத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், படத்தோடு.

அதோடு இன்னொன்று. புதுக் கிரைண்டரில் முதலில் ஓட்டும் தண்ணீர் சாம்பல் நிறமாக வரும். கல்லின் தூசி. தெரியாதவர் "கல்லு கரையுதுங்க, எடுத்துக்கோங்க" என்கிறார். "முதல் இரண்டு மூன்று முறை தண்ணீரோடு கொஞ்சம் பழைய அரிசி போட்டு ஓட்டிக் கொட்டிவிடுங்கள், தெளிந்த பிறகு மாவு அரையுங்கள்" என்று முன்னாலேயே சொன்னால் அந்தப் போன் வராது.

*

மனம் மாறினால்? இங்கேதான் எது முடியாது என்பது நேராக வர வேண்டும். மாவு அரைத்த கிரைண்டரை இன்னொருவருக்கு விற்க முடியாது.

"பெட்டி வந்ததும் தண்ணீர் மட்டும் ஊற்றி இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் 7 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், கூரியர் செலவு உங்களுடையது. மாவு அரைத்த பிறகு, குறை இருந்தால் மட்டுமே திரும்ப எடுப்போம்."

குறை வேறு, பிடிக்காதது வேறு. பழைய பத்தியில் இரண்டையும் ஒரே வரியில் போட்டு மூடியிருந்தார்கள்.

"கூரியர் செலவு உங்களுடையது" என்பதை மறைக்கவே கூடாது. பெட்டியைத் திருப்பி அனுப்பும் நாளில் தெரிய வந்தால் அது சண்டை.

*

5 வருட வாரண்டி. மோட்டாருக்கு மட்டும். மற்ற பாகங்களுக்கு 2 வருடம். பெல்ட்டுக்கும் கல் தேய்மானத்துக்கும் இல்லை.

பெரிய எழுத்தில் 5. உண்மையைச் சொல்ல ஒரு நட்சத்திரம்.

பாகம் பாகமாக எழுதினால் சின்னதாகத் தெரியும் என்று முதலாளிக்குப் பயம். எழுதிப் பார்த்தேன்:

"மோட்டார்: 5 வருடம். சுவிட்ச், டிரம், பாடி: 2 வருடம். பெல்ட்டும் கல்லும் தேயும் பொருள், தேய்மானத்துக்கு வாரண்டி இல்லை. பெல்ட் எங்களிடமே கிடைக்கும், நீங்களே மாட்டலாம்."

படித்தவருக்கு இந்தக் கடையில் பெல்ட் கிடைக்கும் என்ற தகவலும் சேர்ந்து கிடைக்கிறது.

*

வாரண்டியில் எவரும் எழுதாத பாதி: எங்கே, யார், எவ்வளவு.

மதுரையில் மோட்டார் நின்றால் ஆள் வருவாரா? நாக்பூரில்? மோட்டாரைக் கழற்றி அனுப்பச் சொன்னால் கழற்றத் தெரியாதவர் என்ன செய்வார்? பாகம் இலவசம், சரி. கூரியர்? மெக்கானிக் கூலி?

"கோவை, திருப்பூர், ஈரோட்டில் ஆள் வருவார். மற்ற ஊர்களுக்குப் பாகத்தை எங்கள் செலவில் அனுப்புவோம். உள்ளூர் மெக்கானிக் கூலி உங்களுடையது. பில் தொலைந்தால் ஆர்டர் செய்த போன் எண் போதும்."

பில் தேதியா, பெட்டி வந்த தேதியா? வந்த தேதி என்று வைத்துவிடச் சொன்னேன். ஒரு வாரம் கூடும், அவ்வளவுதான். முதலாளி ஒத்துக்கொண்டார்.

*

"வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டி பொருந்தாது."

இட்லிக் கடை போடப் போகிறவர் இதைப் படித்தாலும் வாங்கிவிடுகிறார். தன்னுடையதை வணிகம் என்று அவர் நினைப்பதில்லை, வீட்டு வாசலில் நாலு தட்டு.

"வீட்டுச் சமையலுக்கான அளவு. இட்லிக் கடை, மெஸ், கேட்டரிங் என்றால் இதற்கு வாரண்டி கிடையாது, மோட்டார் தாங்காது. பெரிய டில்டிங் கிரைண்டர் பாருங்கள்."

ஒரு விற்பனை போகலாம். போகட்டும். ஆறு மாதத்தில் மோட்டார் கருகி அவர் பிழைப்பு நிற்பதை விட இது மேல்.

*

போனில் விளக்கத்தின் முதல் சில வரிதான் தெரியும். மிச்சம் "மேலும் படிக்க" என்பதற்குள்.

அதனால் விலைக்குக் கீழே மூன்று வரி. "சென்னைக்கு: கிளம்பியதிலிருந்து 2–4 நாள். கல் உடைந்து வந்தால் புதுக் கல் இலவசம். மோட்டார் 5 வருடம், சுவிட்ச், டிரம், பாடி 2 வருடம்." முழு விவரம் உள்ளே. மேலே ஒரு எண், உள்ளே ஒரு எண் என்று இருக்கக் கூடாது.

பழைய விளம்பரப் படம் ஒன்றில் "10 நாள் ரிட்டர்ன்" என்று இன்னும் இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை யாரும் திருத்துவதில்லை. இன்றே எடுக்க வேண்டும்.

அமேசானுக்கு இந்தப் பத்தியை அப்படியே ஒட்டக் கூடாது. அங்கே டெலிவரி விவரத்தைப் பொருள் விளக்கத்தில் எழுத விடமாட்டார்கள், ரிட்டர்ன் விதியும் அவர்களுடையது. இது சொந்தக் கடைப் பக்கத்துக்கும் வாட்ஸ்அப் கேட்டலாகுக்கும்.

*

எழுதி முடித்ததும் வெளியிட வேண்டாம். பேக்கிங் செய்கிறவரிடமும் சர்வீஸ் போன் எடுக்கிறவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். "இது நம்மால ஆகாதுங்க" என்று அவர்கள் சொல்லும் வரியை அடித்துவிட்டு, ஆகிறதை எழுதுங்கள்.