சட்டையில் எந்த இடம்?

சனிக்கிழமையில் பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயில் பக்கம் வண்டி நகராது. வட திருநள்ளாறு என்று பெயர் வாங்கிய சனி தலம் அது. அந்த நெரிசலைத் தாண்டி, விமானங்கள் தலைக்கு மேல் தாழப் போகிற ஒரு தெருவில், மாடி அறையில் சில கம்ப்யூட்டர்களுடன் நடக்கிறது இந்த வேலை. திருப்பூர் டி-ஷர்ட் படங்களுக்கு நிறம் மாற்றுகிறார்கள். எல்லா நிறத்திலும் தைத்துப் படம் எடுத்தால் செலவு கூடும் என்பதால், கம்பெனிக்காரர்கள் வெள்ளைச் சட்டையை மட்டும் படம்பிடித்து அனுப்பிவிடுவார்கள். கூடவே நிற எண்களின் பட்டியல் வரும்.

அன்று கேட்டிருந்தது ஒரு சிவப்பு, `#B02030`. அதாவது சிவப்பு 176, பச்சை 32, நீலம் 48. சட்டைக்கு மாஸ்க் போட்டு, அந்த நிறத்தை நிரப்பி, `Multiply` வைத்தால் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அங்கே வேலை பார்க்கும் பெண் அப்படியே செய்து காட்டினார். சட்டை மெரூன் ஆகிவிட்டது.

“வெள்ளைச் சட்டைனு நாமதான் சொல்றோம் சார். படத்துல அது வெள்ளையா இல்ல.”

நெஞ்சுப் பகுதியில் எண்ணைப் படித்தார். ஒற்றைப் புள்ளியைப் படித்தால் நூலிழைக்கு இழை எண் மாறும் என்பதால், `31 by 31 Average` என்று வைத்துப் படிக்கிறார். மூன்று எண்ணும் 204. முழு வெள்ளை 255. 204 என்பது அதில் ஐந்தில் நான்கு பங்கு. `Multiply` செய்வது பெருக்கல்தான். 176 அங்கே 141 ஆகிறது, மற்ற இரண்டும் அதே விகிதத்தில் இறங்குகின்றன. ஆகவே அவர் முன்கூட்டியே வகுத்துவிடுகிறார்:

```
176 × 255 / 204 = 220
 32 × 255 / 204 = 40
 48 × 255 / 204 = 60
```

நிரப்பும் நிறம் `#DC283C`. நெஞ்சில் படித்தால் `#B02030` வருகிறது. தோளில் வெளிச்சம் பட்ட இடத்தில் கூடுதலாகவும், கைமடிப்பில் குறைவாகவும் வரும். வரத்தான் வேண்டும், சட்டை முழுக்க ஒரே எண் இருந்தால் அது துணியாகத் தெரியாது, வெட்டி ஒட்டிய காகிதமாகத் தெரியும். எந்த இடத்தில் எண் சரியாக இருக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் எழுதி அனுப்புவதே இல்லையாம். நேராக, நிழலோ பளபளப்போ இல்லாமல் ஒளி விழுகிற நெஞ்சுப் பகுதி என்பது இவர்களாக வைத்துக்கொண்ட கணக்கு.

அதே சட்டைக்கு இன்னொரு படமும் இருந்தது. மாலை வெயிலில் மொட்டை மாடியில் மாடல் போட்டுக்கொண்டு நிற்பது. இதில் சட்டை மஞ்சள் பாய்ந்திருக்கிறது. சட்டை வெள்ளைதானே என்று அதைக் காட்டியே வொயிட் பேலன்ஸ் சரிசெய்யக் கூடாது என்றார் நிறுவனத்தை நடத்துபவர். பனியன் துணி பளிச்சென்று தெரிய ஏற்றும் வெளுப்பு ரசாயனம், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். பகல் ஒளியில் அதனால் சட்டை லேசாக நீலம் தட்டும். புறஊதா இல்லாத எல்.இ.டி. வெளிச்சத்தில் அந்த நீலம் இருக்காது. சட்டையை நம்பிச் சரிசெய்தால் மாடலின் முகம் கெடும். கிரே கார்டு ஒன்றை முதல் படத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லித் திருப்பூருக்கு எழுதிக்கொண்டே இருக்கிறாராம்.

அன்றைய படத்தில் கார்டு இல்லை. அந்தப் பெண் சட்டைப் பகுதியின் நிறத்தை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சாம்பலாக்கினார். ஒரு பக்கம் வெயிலின் மஞ்சள், மறுபக்கம் வானத்து நீலம் என்று கலந்திருந்த ஒளி, சட்டையளவில் தீர்ந்தது. நெஞ்சில் இப்போது 178. திரும்பவும் வகுத்தால் நிரப்ப வேண்டியது `#FC2E45`. இரண்டு கோப்பிலும் நிரப்பியது வேறு வேறு சிவப்பு. நெஞ்சில் கிடைப்பது ஒரே சிவப்பு.

176-க்குக் கீழே போயிருந்தால் சிக்கல்தான். 255-க்கு மேல் நிரப்ப எண் கிடையாது. வெளிர் மஞ்சள் கேட்டால் இந்தப் படத்தில் வகுத்த எண் 300-ஐத் தாண்டிவிடும். அப்போது அடிப்படத்தின் வெளிச்சத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால் தோள்பட்டைத் தையல் வெளுத்துக் காணாமல் போகும். தையல் தெரிகிறதா என்று பார்த்துத்தான் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறார்கள்.

கறுப்பும் கருநீலமும் வேறு மாதிரியான தொல்லை. வெள்ளைத் துணியின் மடிப்புக்குள் ஒளி சுவருக்குச் சுவர் தெறித்து நிழலை நிரப்பிவிடுகிறது. கருந்துணியில் அந்த ஒளி உறிஞ்சப்படுவதால் மடிப்பு ஆழமாக இருளும். மேற்பரப்பின் மினுமினுப்போ கருந்துணியில் இன்னும் எடுப்பாகத் தெரியும். வெள்ளைச் சட்டையின் மேல் கருநீலத்தைப் பெருக்கினால் நெஞ்சில் எண் சரியாக இருக்கும், சட்டை மட்டும் பெயின்ட் அடித்ததுபோல் இருக்கும். மடிப்பை இருட்டாக்கி, மினுமினுப்பைத் தனி லேயரில் `Screen` போட்டுத் திரும்ப ஏற்றலாம். ஆனால் அது ஒரு படத்துக்கே அரை நாள் வேலை.

“அதுக்குக் குடுக்கற காசு கட்டாதுங்க. நீலச் சட்டை ஒண்ணே ஒண்ணு தச்சுப் படம் எடுத்து அனுப்புங்கன்னு சொல்லிடறோம்” என்றார் நிறுவனத்தை நடத்துபவர்.