அவுட் ஆனவர்களின் வரிசை

என் மூட்டு போன சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. 'டக்'னு ஒரு சின்னச் சத்தம். எதிரணியின் லெஃப்ட் கார்னர் என் கணுக்காலைப் பிடித்திருந்தான். கோட்டைத் தொட நான் உடம்பைத் திருப்பினேன். ஷூ மேட்டில் ஒட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. இரண்டுக்கும் நடுவே மாட்டியது மூட்டு.

சாயங்காலத்துக்குள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. எண்ணெய் போட்டுக் கட்டினோம். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, ஆனால் படி இறங்கும்போது மூட்டு நழுவியது. ஸ்கேன் பார்த்த டாக்டர் ஏ.சி.எல். கிழிந்திருக்கிறது என்றார். ஆபரேஷன் செய்தாலும் குறைந்தது ஒன்பது மாதம் களம் இறங்கக் கூடாது. நான் ஊர் டீமின் முதல் ரைடர். அப்போது வயது இருபத்து மூன்று.

"சும்மா உக்காந்திருக்காத, மேனேஜரா வா" என்றார் மாஸ்டர். பரிதாபத்தில் கொடுத்த வேலை என்றுதான் நினைத்தேன். எங்களுடையது அறுபத்தைந்து கிலோ பிரிவு. எடை பார்ப்பதற்கு முன்னால் எவனும் பரோட்டா தின்னாமல் பார்த்துக்கொள்வது, நகம் வெட்டியிருக்கிறானா என்று பார்ப்பது, ஆதார் ஜெராக்ஸ், ஐஸ், வேன் வாடகை. என் இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ரைடு போனான். என்னைவிட வேகம்.

அந்தக் கார்னர் இருந்த டீமோடு மறுபடி மேட்ச் வந்தது. ரைடர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும்போது அவன் ஒரு கணம் பின்வாங்குவது போல நடித்துவிட்டுத் தாழப் பாய்வான். இது எனக்குத் தெரியும். பையனிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. சொல்லாமலே உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை அதே பிடியில் மாட்டினான், தோற்றோம். இரண்டாவது முறை அவன் எழுந்து காலை உதறியபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

அதற்கப்புறம்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஆடும்போது நான் கவனிக்காத ஒன்றை பெஞ்சில் இருந்து பார்க்க முடிந்தது: வெளியே உட்கார்ந்திருப்பவர்கள். கபடியில் அவுட் ஆனவன் நினைத்தபோது உள்ளே வர முடியாது. முதலில் அவுட் ஆனவன்தான் முதலில் வருவான். எதிரணியில் ஒருவன் அவுட் ஆனால் நம்மவன் ஒருவன் உள்ளே. போனஸ் பாயிண்டுக்கு யாரும் வர முடியாது. அந்த வரிசையை இரண்டு டீமுக்கும் எழுத ஆரம்பித்தேன்.

அடுத்த சீசனில் அதே டீம். ஆறு நிமிடம் பாக்கி, 21-24 என்று பின்தங்கியிருந்தோம். அந்தக் கார்னர் அவசரப்பட்டுப் பாய்ந்து அவுட் ஆனான். அவனுக்கு முன்னால் ஏற்கெனவே இரண்டு பேர் வெளியே. அதாவது நம்மாள் மூன்று பேர் அவுட் ஆகாமல் அவன் உள்ளே வர முடியாது. மாஸ்டரிடம் டைம்-அவுட் கேட்கச் சொன்னேன். கையில் முப்பது விநாடி.

"லெஃப்ட் கார்னர்ல இப்ப நிக்கிறவன் கவர் ஆளுடா. பழக்கமில்லாத இடம், அந்தப் பக்கமே போ. தொட்டுட்டு ஓடி வா" என்றேன் பையனிடம். பிடிப்பவர்களிடம், "ரெண்டு ரைடு சும்மா விடுங்க, கை வைக்காதீங்க. மூணாவது டூ ஆர் டை, அவன் தொட்டே ஆகணும். அப்ப பிடிங்க" என்றேன்.

முதல் ரைடில் ஒரு டச், அடுத்ததிலும் ஒன்று. எதிரணியில் இரண்டே பேர். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்துவிட்டால் அவர்களுக்கு சூப்பர் டேக்கிள், ஒன்றுக்கு இரண்டு பாயிண்ட். பையன் துடித்தான். 'சும்மா வா' என்று கையைக் காட்டினேன். பாக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுத் திரும்பினான். அவர்களுடைய டூ ஆர் டை ரைடரை நம்மாட்கள் அமுக்கினார்கள். கடைசி ஆளையும் பையன் தொட்டான். ஆல்-அவுட், கூடுதலாக இரண்டு பாயிண்ட். 27-24. கார்னர் உள்ளே வந்தபோது ஆட்டம் எங்கள் கையில் இருந்தது.

வேனில் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். "போன வருஷம் அவன் பிடி எனக்குத் தெரியும்டா. வேணும்னேதான் சொல்லல" என்றேன்.

அவன் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். அப்புறம், "கணுக்கால்ல பிடிச்சா என்னண்ணே செய்யணும்?" என்றான்.

"கால ஊனிக்கிட்டுத் திரும்பாத. நேரா கோட்டைப் பாத்து விழு" என்றேன். என் மூட்டில் கை வைத்து, அது எந்தப் பக்கம் திரும்பியது என்று காட்டினேன்.